மூடிய கார்டுக்குப் போன ரீஃபண்ட் எங்கே நிற்கிறது?

டிக்கெட் கேன்சல் ஆகிவிட்டது, “உங்கள் பணம் நீங்கள் செலுத்திய கார்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டது” என்று மெயிலும் வந்துவிட்டது, ஆனால் அந்தக் கார்டை நீங்கள் எப்போதோ வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டீர்கள். இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் முதலில் ஃபோன் போடுவது டிக்கெட் விற்ற கம்பெனிக்கு. அவர்கள் “நாங்க அனுப்பிட்டோம் சார், பேங்க்ல கேளுங்க” என்பார்கள். பேங்க்கில் கேட்டால் “அந்தக் கார்டே இல்லையே மேடம், விற்றவங்ககிட்ட கேளுங்க” என்பார்கள். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கடுப்பேற்றும் விஷயம்.

பணம் பெரும்பாலும் காணாமல் போவதில்லை. ஏதோ ஒரு வங்கியின் கணக்கில் உங்கள் பெயருக்கு வரவாகி, யாரும் உங்களுக்குச் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும். அது எந்த வங்கி, எந்தக் கணக்கு என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்கு ரீஃபண்ட் எந்த வழியாகப் பயணம் செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இங்கே நான் இந்தியாவில் உள்ள நிலவரத்தை மட்டும் சொல்கிறேன். மற்ற நாடுகளில் விதிகள் வேறு.

கார்டு நம்பரின் முதல் சில இலக்கங்கள் அந்தக் கார்டை எந்த வங்கி கொடுத்தது என்பதைச் சொல்பவை. நீங்கள் பணம் கட்டியபோது விற்பவருக்காக ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வே, அதற்குப் பின்னால் இருக்கும் வங்கி, அப்புறம் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க், கடைசியாக உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கி என்று தகவல் போனது. ரீஃபண்டும் அதே வழியில், அதே பழைய பரிவர்த்தனையைப் பிடித்துக்கொண்டு வருகிறது. கையில் இருந்த பிளாஸ்டிக் அட்டையை இந்த வழியில் யாரும் பார்ப்பதில்லை. நம்பர் எந்த வங்கியுடையது என்று பார்த்து நெட்வொர்க் தள்ளிவிடுகிறது. அந்த நம்பருக்குப் பின்னால் எந்த வாடிக்கையாளர், எந்தக் கணக்கு என்பதை வங்கிதான் தன் பதிவேட்டில் பார்த்துக்கொள்கிறது.

இதிலிருந்தே காலாவதியான கார்டுக்கு என்ன ஆகும் என்பது ஓரளவு புரிந்துவிடும். அட்டையில் அச்சடித்திருக்கும் மாதமும் வருடமும் புதிதாக ஒரு பொருள் வாங்கும்போதுதான் தடையாக நிற்கும். பழைய செலவுக்கான வரவு வரும்போது அதற்குப் பெரிய வேலை இல்லை. காலாவதி ஆனதும் வங்கி புதுக் கார்டு அனுப்பியிருக்கும். சில வங்கிகள் அதே நம்பரில் தேதியையும் சிவிவியையும் மட்டும் மாற்றித் தரும், சில வங்கிகள் நம்பரையே மாற்றிவிடும். நம்பர் மாறினாலும் பழைய நம்பர் உங்கள் கணக்கோடு இணைந்துதான் பதிவில் இருக்கும். கார்டு தொலைந்து பிளாக் செய்து புதிது வாங்கியவர்களுக்கும் இதே கதைதான். டெபிட் கார்டாக இருந்தால் இன்னும் எளிது, பணம் சேமிப்புக் கணக்கில் நேராக விழும், கார்டு உயிரோடு இருக்கிறதா என்பது ஒரு பொருட்டே இல்லை. ஆக, காலாவதி மட்டும்தான் பிரச்சினை என்றால் புதுக் கார்டின் ஸ்டேட்மெண்டையோ பாஸ்புக்கையோ பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே இருக்கும். விற்றவர் கொடுத்த தேதிக்கு அப்புறம் பத்து நாள் வரை பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போனால் போதும்.

சிக்கல் ஆரம்பிப்பது கணக்கையே மூடியவர்களுக்கு.

அதற்கு முன் ஒரு கேள்வியைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் எல்லோரும் இதில்தான் நேரத்தை வீணாக்குகிறார்கள். “பழைய கார்டு இல்ல, புதுக் கார்டு நம்பர் தர்றேன், அதுல போடுங்க” என்று கேட்டால் விற்றவர் ஏன் மறுக்கிறார்? முதல் காரணம், அவரால் முடியாது. 2022 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் ஆன்லைன் கடைகளோ கேட்வேக்களோ உங்கள் முழுக் கார்டு நம்பரைச் சேமித்து வைக்கக் கூடாது, அதற்குப் பதிலாக டோக்கன் என்ற ஒரு மாற்று எண்தான் இருக்கும், அடையாளத்துக்குக் கடைசி நான்கு இலக்கமும் வங்கிப் பெயரும் வைத்துக்கொள்ளலாம். கஸ்டமர் கேரில் உட்கார்ந்திருப்பவர் திரையில் பழைய ஆர்டரைத் திறந்து ‘ரீஃபண்ட்’ என்ற பொத்தானை அழுத்துகிறார், அவ்வளவுதான். எந்தக் கார்டுக்கு என்று நம்பர் அடிக்க அங்கே இடமே இருக்காது.

இரண்டாவது காரணம் விதி. கடைகளுக்காகப் பணம் வசூலித்துத் தரும் பேமெண்ட் அக்ரிகேட்டர்களுக்கு ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் கொடுத்த வழிகாட்டுதலிலேயே, பணம் எந்த வழியில் வந்ததோ அந்த வழியில்தான் ரீஃபண்ட் போக வேண்டும், வாடிக்கையாளர் தெளிவாகச் சம்மதித்தால் மட்டும் வேறு வழியில் தரலாம் என்று இருக்கிறது. காரணம் சந்தேகமில்லாமல் நியாயமானது. திருடிய கார்டில் டிக்கெட் போட்டு, உடனே கேன்சல் செய்து, “என் பேங்க் அக்கவுண்ட்டுக்கு அனுப்புங்க” என்று கேட்பது மிகப் பழைய மோசடி. மூன்றாவது, விற்பவருக்கு ஒரு பயம் உண்டு. அவர் உங்கள் வேறு கணக்குக்குப் பணம் அனுப்பிய பிறகு, நீங்கள் பழைய கார்டு வங்கியில் “எனக்கு ரீஃபண்டே வரவில்லை” என்று புகார் கொடுத்தால், வங்கி அந்தத் தொகையை விற்பவரிடமிருந்து திரும்பப் பிடித்துவிடும். சார்ஜ்பேக் என்பார்கள் இதை. ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு தடவை பணம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால்தான் பழைய கார்டு மூடிவிட்டது என்று நீங்கள் சொன்னாலும், அவர் முதலில் அங்கேயே அனுப்பிப் பார்ப்பார்.

சரி, இப்போது ஒரு உதாரணத்தை முழுசாகப் பார்க்கலாம். கோயம்புத்தூரில் இருக்கும் ஒருவர் ஜனவரியில் கிரெடிட் கார்டில் 23,400 ரூபாய்க்கு விமான டிக்கெட் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரி பில்லில் அதை முழுசாகக் கட்டிவிட்டார். ஆண்டுக் கட்டணம் பிடிக்கவில்லை என்று மார்ச்சில் கார்டை மூடச் சொல்லி, பாக்கி எதுவும் இல்லாததால் வங்கியும் மூடிவிட்டது. மே 5 அன்று விமான நிறுவனம் அந்தப் பயணத்தை ரத்து செய்கிறது, மே 7 அன்று ரீஃபண்ட் போட்டுவிட்டதாக மெயில்.

இந்த மெயிலுக்கு அர்த்தம் என்ன என்றால், விமான நிறுவனம் கேட்வேக்கு உத்தரவு கொடுத்துவிட்டது, அவ்வளவே. பணம் உங்கள் வங்கிக்கு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. விற்பவர் தரப்பு வங்கி அதை நெட்வொர்க்கில் ஏற்றும்போதுதான் அதற்கு ஒரு அடையாள எண் பிறக்கிறது. 23 இலக்கம் கொண்டது, திரையிலும் மெயிலிலும் ARN என்று இருக்கும். பொதுவாக ரீஃபண்ட் போட்ட ஓரிரு நாளில் கிடைத்துவிடும், நீங்கள் கேட்டால் விற்பவர் தர வேண்டும். சில இடங்களில் ஆர்டர் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள், சில இடங்களில் இரண்டு மூன்று தடவை கேட்டால்தான் வரும். ஆர்டர் நம்பர், ரீஃபண்ட் ஐடி, பிஎன்ஆர் எதுவும் வங்கிக்குப் பிரயோஜனப்படாது. வங்கிக்காரர் தன் கணினியில் தேடக்கூடியது இந்த எண்ணை வைத்துத்தான். ரீஃபண்ட் விஷயத்தில் விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டிய ஒரே பொருள் இதுதான் என்று சொன்னால்கூடத் தப்பில்லை. எண்ணே கிடைக்கவில்லை, “ப்ராசஸ்ல இருக்கு” என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் பணம் இன்னும் அவர்கள் பக்கத்தை விட்டுக் கிளம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம், அப்போது வங்கியைத் தொந்தரவு செய்வதில் பலனில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு: வாங்கிய அன்றே, கணக்கு தீர்வதற்கு முன்பே கேன்சல் செய்திருந்தால் அது ரீஃபண்டாகப் போகாது, பிடித்து வைத்த தொகை விடுவிக்கப்படும், அதற்கு இந்த எண் இருக்காது.

கோயம்புத்தூர்க்காரரின் 23,400 ரூபாய் கார்டு கொடுத்த வங்கிக்கு வருகிறது. அங்கே இரண்டில் ஒன்று நடக்கும்.

ஒன்று, வங்கி அதை ஏற்றுக்கொள்கிறது. கார்டு கணக்கை மூடுவது என்பது அந்தக் கணக்கை வங்கி அழித்துவிட்டது என்று அர்த்தமில்லை. புதிதாகச் செலவு செய்ய முடியாதபடி பூட்டி வைக்கிறார்கள், பதிவு அப்படியேதான் இருக்கும். பின்னால் வரும் வரவுகள் அதில் விழுகின்றன. கடன் எதுவும் இல்லாத கணக்கில் வரவு விழுந்தால் வங்கி உங்களுக்குக் கடன்பட்டதாகக் காட்டும். நடைமுறையில் தொல்லை என்னவென்றால், மூடிய கணக்குக்கு மாதாமாதம் ஸ்டேட்மெண்ட் வராது, ஆப்பில் அந்தக் கார்டு தெரியாது, எஸ்எம்எஸ்ஸும் பல சமயம் வராது. பணம் இருக்கிறது, உங்களுக்குத்தான் தெரியாது. கஸ்டமர் கேருக்கு ஃபோன் செய்தால் “உங்கள் 16 இலக்கக் கார்டு எண்ணை அழுத்தவும்” என்று மெஷின் கேட்கும், பழைய எண்ணை அழுத்தினால் “தவறான எண்” என்று சொல்லித் துண்டித்துவிடும். பலர் இந்த இடத்தில் மனம் வெறுத்து விட்டுவிடுகிறார்கள். எழுத்து மூலமாகப் போவதுதான் இதற்கு வழி, அதாவது வங்கியில் பதிவு செய்த மெயில் முகவரியிலிருந்து ஒரு மெயில், இல்லாவிட்டால் கிளையில் கையெழுத்திட்ட கடிதம்.

அந்த மெயிலில் என்ன எழுத வேண்டும்? பழைய கார்டின் கடைசி நான்கு இலக்கம், மூடிய தேதி, ரீஃபண்ட் தொகை, விற்பவர் பெயர், ரீஃபண்ட் போட்ட தேதி, அந்த 23 இலக்க எண், பணம் போட வேண்டிய உங்கள் சேமிப்புக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, கூடவே ஒரு ரத்து செய்த காசோலையின் படம். முழுக் கார்டு எண்ணை மெயிலில் எழுதாதீர்கள், தேவையே இல்லை.

இதற்கு விதியில் நல்ல பிடிமானம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு வழிகாட்டு விதிகளில், கார்டு கணக்கை மூடிய பிறகு அதில் இருக்கும் வரவுத் தொகையை வாடிக்கையாளரின் வங்கிக் கணக்குக்கு மாற்ற வேண்டும், அவருடைய கணக்கு விவரம் கையில் இல்லை என்றால் கேட்டு வாங்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. கேட்டு வாங்கும் பொறுப்பு வங்கியுடையது, கவனியுங்கள். ஆனால் எத்தனை நாளுக்குள் என்று அந்த வாக்கியத்தில் நாள் கணக்கு இல்லை, அங்கேதான் வங்கிகள் இழுக்கின்றன. அதே விதிகளில் இன்னொரு இடத்தில், கார்டு கணக்கில் ரீஃபண்டால் வந்து நிற்கும் தொகையை வாடிக்கையாளர் கேட்டால் மூன்று வேலை நாளுக்குள் அவருடைய வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. மூடிய கார்டுக்கும் இதைச் சேர்த்துச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. மெயிலில் இரண்டையும் குறிப்பிட்டு எழுதினால் பதிலின் தொனியே மாறும் என்பது என் அனுபவம்.

கார்டு இன்னும் மூடப்படாதவர்களுக்கும் அந்தப் பகுதி உபயோகமானது. பில்லை நீங்கள் ஏற்கெனவே கட்டிவிட்ட ஒரு செலவுக்கு ரீஃபண்ட் வந்தால், அந்தத் தொகை கார்டு லிமிட்டில் ஒரு சதவீதம் அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதைத் தாண்டினால், அதைக் கார்டிலேயே வைத்துக்கொள்ள வங்கி உங்கள் சம்மதத்தை ஏழு நாளுக்குள் கேட்க வேண்டும். நீங்கள் பதில் சொல்லவில்லை என்றால் பணத்தை வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிட வேண்டும்.

இரண்டாவது சாத்தியம், வங்கி ஏற்றுக்கொள்ளாமல் திருப்பி அனுப்பிவிடுகிறது. அப்போது பணம் வந்த வழியே போய் விற்பவர் தரப்பு வங்கி, கேட்வே என்று ஊர்ந்து விற்பவரின் கணக்குக்குத் திரும்புகிறது. இது ஒன்றிரண்டு வாரம் எடுக்கலாம். கொடுமை என்னவென்றால், அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் உங்கள் ஆர்டர் பக்கத்தில் ‘ரீஃபண்ட் முடிந்தது’ என்றேதான் பச்சை எழுத்தில் இருக்கும். விற்பவரின் கணக்குப் பிரிவில் யாராவது ஒரு வரவைப் பார்த்து, இது எந்த ஆர்டர் என்று தேடினால் ஒழிய, அதை யாரும் கவனிப்பதில்லை. தினமும் ஆயிரக்கணக்கான டிக்கெட் ஓடும் கம்பெனியில் 23,400 ரூபாய் தனியாகக் கண்ணில் படாது. சில சமயம் இது வேகமாகவும் நடக்கும்: ரீஃபண்ட் போடும் கணத்திலேயே வங்கியிடம் அனுமதி கேட்கும் முறை இருந்தால், மூடிய கணக்கு என்று உடனே மறுப்பு வந்து ‘ரீஃபண்ட் தோல்வி’ என்று கேட்வே திரையில் தெரிந்துவிடும். அதுதான் நல்லது, அப்போதே உங்களிடம் வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள்.

இந்த இரண்டில் எது நடந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மறுபடியும் அதே எண்தான். அதைக் கொடுத்துக் கேட்டால் வங்கி “வந்தது, இந்தத் தேதியில் வரவு வைத்தோம்” என்றோ, “வந்தது, திருப்பிவிட்டோம்” என்றோ, “வரவே இல்லை” என்றோ ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மழுப்பலான பதிலை ஏற்காதீர்கள். திருப்பிவிட்டோம் என்றால் அதை எழுத்தில் கேளுங்கள்: “கடைசி நான்கு இலக்கம் இன்னதான கார்டு இந்தத் தேதியில் மூடப்பட்டது, இந்த எண்ணுள்ள ரீஃபண்ட் ஏற்கப்படவில்லை” என்று ஒரு மெயில் அல்லது லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம். விற்பவருக்கு இருக்கும் சார்ஜ்பேக் பயத்தைப் போக்குவது இந்தக் காகிதம்தான். இதைக் காட்டிய பிறகு அவர் நெஃப்ட் மூலமாக உங்கள் கணக்குக்கு அனுப்ப மறுப்பது கடினம். இதை முதலிலேயே வாங்காமல் விற்பவரிடம் போய் மல்லுக்கட்டுவதால்தான் மாதக்கணக்கில் இழுக்கிறது.

டெபிட் கார்டில் பணம் கட்டி, பிறகு அந்தச் சேமிப்புக் கணக்கையே மூடியவர்களுக்கு வேலை கொஞ்சம் அதிகம். வேலை மாறும்போது பழைய சம்பளக் கணக்கை மூடிவிட்டு வரும் ஆட்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. கிரெடிட் கார்டு மாதிரி பூட்டிய கணக்கில் வரவு விழுவது இங்கே அவ்வளவு சுலபமில்லை. கணக்கு இல்லை என்று வங்கி திருப்பி அனுப்பும், அல்லது உரிமையாளர் தெரியாத வரவுகளைப் போட்டு வைக்கும் தன் உள்கணக்கு ஒன்றில் நிறுத்தி வைக்கும். இரண்டாவதுதான் ஆபத்தானது, ஏனென்றால் நீங்களாகப் போய்க் கேட்காதவரை அது அசையாது. பழைய கிளைக்கு நேரில் போய், ஆதார் அல்லது பான், பழைய பாஸ்புக்கின் நகல், கணக்கு மூடியதற்கான கடிதம், அந்த 23 இலக்க எண் எல்லாவற்றையும் வைத்து எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை போட்ட நகல் வாங்குவதுதான் நடைமுறையில் பலிக்கிறது. ஊர் மாறியிருந்தால் அதே வங்கியின் வேறு கிளையில் கொடுக்கலாம், பழைய கிளைக்கு அனுப்பிவிடுவார்கள், கொஞ்சம் தாமதமாகும்.

பரிசு கார்டு, ப்ரீபெய்டு கார்டில் வாங்கியவர்களுக்கு ஒரே வார்த்தை: காலி ஆனதும் தூக்கி எறியாதீர்கள். ரீஃபண்ட் அதே கார்டுக்கே திரும்ப ஏறும், அந்த நம்பர் இல்லாமல் அதை எடுக்க முடியாது.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். “ஐந்து நாளுக்குள் பணம் வரவில்லை என்றால் தினம் 100 ரூபாய் நஷ்டஈடு” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும். அது 2019 செப்டம்பரில் வந்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையில் உள்ள விஷயம்தான், ஆனால் அது தோல்வியடைந்த பரிவர்த்தனைக்கு, அதாவது உங்கள் கணக்கில் பணம் பிடிபட்டு விற்பவருக்கு உறுதி போகாமல் நின்றுவிட்டதற்கு. நல்லபடியாக முடிந்த ஒரு வாங்கலை ரத்து செய்ததால் வரும் ரீஃபண்டுக்கு அது பொருந்தாது. அதைக் காட்டி வங்கியில் கத்தினால் எதிரில் இருப்பவர் உங்களைச் சுலபமாகத் தள்ளிவிடுவார்.

2020 ஊரடங்கின்போது இந்தக் குளறுபடி பெரிய அளவில் நடக்க எல்லாச் சூழலும் இருந்தது. ரத்தான விமானங்களுக்கான பணத்தைப் பல நிறுவனங்கள் கிரெடிட் ஷெல் என்று தங்களிடமே வைத்துக்கொண்டன. 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை நிபந்தனைகளோடு ஏற்று, 2021 மார்ச் 31 வரை பயன்படுத்தாமல் இருக்கும் தொகையைத் திருப்பித் தரச் சொன்னது. டிக்கெட் போட்டதற்கும் பணம் திரும்புவதற்கும் நடுவில் ஒரு வருடத்துக்கு மேல். அவ்வளவு காலத்தில் எத்தனை கார்டு காலாவதியாகும், எத்தனை பேர் கணக்கை மூடியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

தேடும்போது கூகுளில் கிடைக்கும் கஸ்டமர் கேர் எண்ணை நம்பி அழைக்காதீர்கள். ரீஃபண்டுக்காகப் பதறுகிற ஆட்களைப் பிடிக்கவே போலி எண்கள் போட்டு வைத்திருக்கிறார்கள். பணம் வாங்குவதற்கு ஓடிபியும் வேண்டாம், யுபிஐ பின்னும் வேண்டாம், எந்த ஆப்பையும் இறக்க வேண்டியதில்லை. கார்டின் பின்பக்கத்தில் அச்சடித்த எண்ணோ வங்கியின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணோ போதும்.

வங்கிக்கு எழுதிய புகாருக்கு 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனுக்குப் போகலாம். cms.rbi.org.in தளத்தில் பதிவு செய்யலாம், கட்டணம் கிடையாது. அங்கே கேட்பது வங்கிக்கு நீங்கள் முதலில் எழுதிய புகாரின் தேதியும் நகலும்தான், ஃபோனில் பேசியதெல்லாம் கணக்கில் வராது. எழுத்து மூலமாகப் போங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். இது வங்கியின் மீதான புகாருக்கு மட்டும். வங்கி திருப்பிய பணத்தை விற்பவர் அமுக்கிக்கொண்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம்.

இனிமேல்தான் கார்டை மூடப் போகிறீர்கள் என்றால், வரவேண்டிய ரீஃபண்ட் எதுவும் தொங்கலில் இருக்கிறதா என்று மெயிலில் ஒரு தடவை தேடிப் பாருங்கள். இருந்தால் அது வந்து சேரும்வரை மூட விண்ணப்பிக்காதீர்கள். வங்கியிடம் உங்கள் சேமிப்புக் கணக்கு விவரத்தைக் கொடுத்து வையுங்கள், மூடியதற்கான மெயிலைப் பத்திரப்படுத்துங்கள். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லி விண்ணப்பித்தால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் ஒரு நாளைக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும் என்று அதே 2022 விதிகள் சொல்கின்றன. இன்னொன்று, ஒரு வருடத்துக்கு மேல் தொடாத கார்டை வங்கியே தகவல் அனுப்பி, 30 நாளில் பதில் வராவிட்டால் மூடலாம். அதனால் நீங்கள் மூடவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் கார்டும் மூடியிருக்கலாம். ரீஃபண்ட் வரவில்லை என்று தேட ஆரம்பிக்கும்போது அதையும் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.